எல்.ஐ.சி.யில் கிராஜுட்டிக்குப் பணம் கட்டுகிறோம், பிறகும் ஏன் புரொவிஷன்?

கோவை கணக்கர்

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளப் பட்டியலில் 64 பேர். 2025-26 கணக்கை முடிக்கும் நேரத்தில், இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் ஆடிட்டர் கிராஜுட்டிக்கு ஆக்சுவரி சான்றிதழ் கேட்கிறார்.

எங்களுக்கு எல்.ஐ.சி. குரூப் கிராஜுட்டி டிரஸ்ட் இருக்கிறது. வருடா வருடம் அவர்கள் கேட்கும் தொகையைக் கட்டி, கட்டியதையே செலவாக எழுதிவிடுவோம். இந்த வருடம் 6 லட்சம் கட்டினோம். பேலன்ஸ் ஷீட்டில் கிராஜுட்டி என்ற தலைப்பே கிடையாது. முதலாளி கேட்கிறார்: "பி.எஃப். கட்டுகிறோம், அதற்கு யாரும் புரொவிஷன் கேட்பதில்லை. இதையும் கட்டியாகிவிட்டது. அப்புறம் என்ன பாக்கி?" அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. யாராவது உதவுங்கள்.

நிகழ்கணக்கு

மேடம், நான் சி.ஏ. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன். உங்கள் முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சி.டி.சி. தாளிலேயே கிராஜுட்டி என்று பேசிக்கின் 4.81% போடுகிறார்கள். விகிதம் நிர்ணயமாகிவிட்டதால் அது பங்களிப்புத் திட்டம்தானே? போதாததற்கு, காப்பீட்டு நிறுவனத்திடம் பிரீமியம் கட்டிப் பலனை வாங்கிவிட்டால் அதைப் பங்களிப்புத் திட்டம் போலவே காட்டலாம் என்று ஊழியர் பலன்களுக்கான கணக்குத் தரமான ஏஎஸ் 15-இலேயே இருக்கிறது. ஆகவே கட்டிய 6 லட்சம்தான் செலவு. ஆடிட்டரிடம் அந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

வைகைக்கரை

தம்பி, அந்தப் பத்தியை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முதலாளிக்கு மேற்கொண்டு கொடுக்கும் கடமை எதுவும் இல்லை என்றால்தான் அப்படிக் காட்டலாம் என்று அதே இடத்தில் இருக்கிறது. எனக்கு 20 வருடத்துக்கு மேலாக ஆக்சுவரி அலுவலகத்தில்தான் வேலை, இந்த குரூப் பாலிசிகளைத் தினமும் பார்க்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் பணத்தை ஒரு நிதியாகச் சேர்த்து, வட்டி போட்டு, யாராவது விலகும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுப்பவை. நிதி தீர்ந்தால் எல்.ஐ.சி. தன் கையிலிருந்து போடாது, கம்பெனியைத்தான் கேட்கும். கடமை முதலாளியிடமே இருப்பதால் இது வரையறுத்த பலன் திட்டம். பணம் யாரிடம் இருக்கிறது என்பது அதை மாற்றாது.

பி.எஃப்.பிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று முதலாளிக்குச் சொல்லுங்கள். பி.எஃப்.பில் இந்த மாதம் 12% கட்டியதும் இந்த மாதத்துக்கான கடமை முடிந்தது. 20 வருடம் கழித்து அந்தப் பணம் எவ்வளவாக ஆகிறது என்பது தொழிலாளியின் பாடு. கிராஜுட்டியில் நீங்கள் கொடுத்திருக்கும் வாக்கு வேறு: விலகும் நாளில் என்ன சம்பளமோ, அதில் 15 நாள் சம்பளம், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும். 2016-இல் செய்த வேலைக்கான கிராஜுட்டியும் 2044 சம்பளத்தில்தான் கணக்காகும். ஒவ்வொரு முறை சம்பளம் உயர்த்தும்போதும் கடந்த எல்லா வருடங்களுக்குமான கடனும் சேர்ந்து உயர்கிறது. 4.81%-இல் அது வராது. 15-ஐ 26-ஆலும் 12-ஆலும் வகுத்தால் வருவது அந்த எண். இந்த வருடச் சம்பளத்தில் இந்த வருடத்துக்கான 15 நாளை மட்டும்தான் அது காட்டும்.

சிப்காட் சரவணன்

கிராஜுட்டி பேச்சு வந்ததால் கேட்கிறேன் சார். நான் ஒரு கம்பெனியில் 4 வருடம் 9 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினேன். 5 வருடம் ஆகவில்லை என்று எச்.ஆர். தரமாட்டேன் என்கிறார்கள். 4.81% என் சி.டி.சி.யில் பிடித்ததுதானே? அந்தப் பணத்தையாவது திருப்பிக் கேட்கலாமா?

தணிக்கை மேசை

சரவணன், சி.டி.சி.யில் காட்டியது உங்களிடம் பிடித்த பணம் இல்லை. கம்பெனி தன் செலவு மதிப்பை அங்கே எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பெயரில் தனிக் கணக்கு எதுவும் அதற்குக் கிடையாது. பங்களிப்புத் திட்டமாக இருந்திருந்தால் இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் 5 வருடத் தொடர் சேவையாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது. வாரம் 5 நாள் வேலையா 6 நாளா, நீங்கள் எந்த மாநிலம், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதெல்லாம் சேரும். வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

இந்த இழைக்கும் அதில் ஒரு விஷயம் உண்டு. 5 வருடம் முடிக்காதவர்களுக்கும் புரொவிஷன் வேண்டுமா என்று பல கம்பெனிகளில் கேட்கிறார்கள். வேண்டும். இன்று விலகினால் ஒன்றுமில்லை என்றாலும், அவர் தங்கிவிட்டால் முதல் நாளிலிருந்து எண்ணித்தான் கொடுக்கிறீர்கள். தங்குவாரா என்பதை நிகழ்தகவாக ஆக்சுவரி கழித்துக்கொள்வார்.

பெரம்பூர் வாசி

நல்ல இழை. வைகைக்கரை ஐயா சொன்ன பி.எஃப். ஒப்பீடு எங்கள் கம்பெனிக்குச் சரிவரவில்லை என்று தோன்றுகிறது. நாங்கள் பி.எஃப். அலுவலகத்தில் கட்டுவதில்லை, விலக்கு வாங்கிய சொந்த டிரஸ்ட் வைத்திருக்கிறோம். அங்கேயும் கட்டினால் முடிந்ததா?

வைகைக்கரை

முடியவில்லை. நான் சொன்னது பி.எஃப். அலுவலகத்தில் நேரடியாகக் கட்டுபவர்களுக்கு. சொந்த டிரஸ்ட் என்றால், பி.எஃப். அலுவலகம் அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் நீங்களும் கொடுத்தாக வேண்டும். 2024-25-க்கு அது 8.25%. டிரஸ்டின் முதலீடு அவ்வளவு ஈட்டவில்லை என்றால் கம்பெனிதான் ஈடுகட்ட வேண்டும். அந்த உத்தரவாதம் இருப்பதால் கணக்கில் அதுவும் வரையறுத்த பலன் திட்டம், அதற்கும் ஆக்சுவரி மதிப்பீடு வேண்டும். பல வருடம் இதில் பள்ளம் விழாததால் யாரும் கவனிக்கவில்லை. 2018-இல் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் விழுந்து, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த டிரஸ்டுகளுக்குப் பணம் வராமல் போனபோதுதான் கம்பெனிகள் இந்த வாக்கின் விலையைப் பார்த்தன.

நிகழ்கணக்கு

சரி ஐயா, கடமை முதலாளியிடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அளக்க ஆக்சுவரி எதற்கு? மார்ச் 31 அன்று எல்லோரும் விலகினால் எவ்வளவு என்று 15/26 போட்டு எக்ஸெலில் கூட்டினால் போதாதா? எங்கள் அலுவலகத்தில் சில கிளையண்டுகளுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

தணிக்கை மேசை

அந்தக் கிளையண்டுகளில் சராசரியாக 50 பேருக்கும் குறைவாக வேலை செய்வார்கள். சிறிய, நடுத்தரக் கம்பெனிகளில் 50-க்குக் கீழே இருந்தால் அந்த எளிய முறைக்கு ஏஎஸ் 15 இடம் கொடுக்கிறது. கணக்கர் மேடம் கம்பெனியில் 64 பேர். அங்கே ஆக்சுவரி முறைதான், புராஜெக்டட் யூனிட் கிரெடிட்.

வைகைக்கரை

இரண்டு முறைக்கும் உள்ள தூரத்தை ஓர் ஆளை வைத்துப் பார்த்துவிடலாம். வயது 40, சேவை 10 வருடம், பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 26,000. ஓய்வு 58-இல், அதாவது இன்னும் 18 வருடம். எண்கள் எளிதாக வரட்டும் என்று, இவர் இடையில் விலகவோ இறக்கவோ மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வருடம் 8% உயரும், டிஸ்கவுண்ட் ரேட் 7%.

எக்ஸெல் முறையில்: ஒரு நாள் சம்பளம் 1,000, 15 நாளுக்கு 15,000, 10 வருடத்துக்கு 1,50,000. ஆக்சுவரி செய்வது இது:

```
26,000 × 1.08^18       = 1,03,896   (58 வயதில் சம்பளம்)
1,03,896 × 15/26       =   59,940   (ஒரு வருட சேவைக்கு)
59,940 × 10 ÷ 1.07^18  = 1,77,340   (இன்றைய பொறுப்பு)
```

கடைசிச் சம்பளத்துக்குப் போய், இதுவரை உழைத்த 10 வருடத்தை மட்டும் எடுத்து, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். மீதி 18 வருடத்துக்கான பங்கை இப்போது தொடுவதில்லை, அந்த உழைப்பு இன்னும் நடக்கவில்லை.

இப்போது அடுத்த வருடம் என்ன செலவு என்று பாருங்கள். ஓய்வு நாள் ஒரு வருடம் நெருங்கியதால் 1,77,340-க்கு 7% வட்டி, 12,414. பதினோராவது வருட உழைப்புக்கு 59,940-ஐ 17 வருடத்துக்குத் தள்ளுபடி செய்தால் 18,976.

```
1,77,340 + 12,414 + 18,976 = 2,08,730
```

ஒரே ஆளுக்கு ஒரு வருடச் செலவு 31,390. சி.டி.சி. தாளில் அவருக்குக் காட்டுவது 15,000. முதலாளிக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள், மற்ற விளக்கம் பிறகு.

இதோடு முடியவில்லை. அந்த வருடம் 8% தருவதாக நினைத்து, நல்ல ஆளை விட மனமில்லாமல் 12% கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பதினொரு வருடப் பொறுப்பும் அந்த விகிதத்தில் ஏறி 2,16,460 ஆகும். கூடிய 7,730 ஆக்சுவரியல் நட்டம். சம்பளக் கவரில் கொடுத்த உயர்வு வேறு, இது அதன் நிழல்.

கோவை கணக்கர்

ஐயா, மிக்க நன்றி. அந்த 31,390-ஐயும் 15,000-ஐயும் தாளில் எழுதிக் காட்டினேன். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு ஆக்சுவரியை அமர்த்தச் சொல்லிவிட்டார்.

இப்போது ஆக்சுவரி, சம்பள உயர்வு விகிதம் என்ன என்று எங்களையே கேட்கிறார். முதலாளி 5% என்று சொல்லச் சொல்கிறார், எல்.ஐ.சி. தாளிலும் 5% தான் இருக்கிறது. கடந்த நான்கு வருடமாக நாங்கள் கொடுத்தது 9%-க்கும் 10%-க்கும் நடுவில். ஆக்சுவரிதானே இதைத் தீர்மானிக்க வேண்டும்?

வைகைக்கரை

டிஸ்கவுண்ட் ரேட்டில் உங்களுக்குத் தேர்வு இல்லை. மார்ச் 31 அன்று, உங்கள் பொறுப்பின் காலத்துக்கு இணையான அரசுக் கடன் பத்திரம் என்ன ஈட்டுகிறதோ அதுதான். சம்பள உயர்வும் ஆட்கள் விலகும் விகிதமும் நிர்வாகம் சொல்ல வேண்டியவை. ஆக்சுவரி ஆலோசனை சொல்லலாம், கையெழுத்திடும் பொறுப்பு உங்கள் இயக்குநர்களுடையது. எல்.ஐ.சி. தாள், நிதிக்கு எவ்வளவு கட்டலாம் என்று அவர்கள் தங்கள் கணக்குக்காகப் போடுவது. அதிலுள்ள விகிதம் உங்கள் கம்பெனியின் நடப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

5% போட்டால் என்ன ஆகும்? அதே ஆளுக்குப் பொறுப்பு 1,06,800 ஆகிவிடும். நாளைக் காலை ராஜினாமா கொடுத்தால் 1,50,000 எண்ணி வைக்க வேண்டிய ஆளுக்குப் புத்தகத்தில் 1,06,800. டிஸ்கவுண்ட் ரேட்டைவிட சம்பள உயர்வு குறைவாக இருந்தால் கணக்குப்படி இப்படித்தான் வரும், ஆக்சுவரி தப்பாகக் கூட்டவில்லை. ஆனால் 64 பேரின் மொத்தப் பொறுப்பு, எல்லோரும் இன்று விலகினால் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாக வந்தால், அந்த 5%-ஐ ஒரு முறை கேள்வி கேளுங்கள்.

இன்னொரு இடத்திலும் இது காட்டிக்கொடுக்கும். அறிக்கையில் ஆக்சுவரியல் லாப நட்டத்தை இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: அனுமானத்தை மாற்றியதால் வந்தது, நடப்பு அனுமானத்திலிருந்து விலகியதால் வந்தது. இரண்டாவது வரி ஒரு வருடம் நட்டம், ஒரு வருடம் லாபம் என்று மாறி மாறி வர வேண்டும். தொடர்ந்து நட்டமாகவே வந்தால், அனுமானம் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஆடிட்டர் எழுதலாம்.

நிகழ்கணக்கு

விலகும் விகிதத்தைக் கூட்டிப் போட்டால் பொறுப்பு குறையும், அப்படித்தானே? எங்கள் சீனியர் அதைத்தான் சொல்வார்.

வைகைக்கரை

5 வருடம் முடிக்காதவர்களுக்கு அது பெரும்பாலும் சரி, அவர்கள் போனால் கொடுக்க வேண்டியதில்லை. 5 தாண்டியவர்களுக்கு, சம்பள உயர்வு டிஸ்கவுண்ட் ரேட்டைவிட அதிகமாக இருந்தால் மட்டும் சரி. மேலே உள்ள ஆளையே பாருங்கள்: 8%-இல் தங்கினால் 1,77,340, இன்றே போனால் 1,50,000. சீக்கிரம் போகப் போக நமக்குக் குறைவு. அதே ஆளை 5%-இல் பாருங்கள்: தங்கினால் 1,06,800, போனால் 1,50,000. அங்கே விலகும் விகிதத்தைக் கூட்டினால் பொறுப்பு ஏறும். உங்கள் சீனியர் பார்த்தவை எல்லாம் ஐ.டி. கம்பெனிகளாக இருக்கலாம்.

கோவை கணக்கர்

அறிக்கை வந்துவிட்டது. கடைசியில் முதலாளி 8%-க்கு ஒப்புக்கொண்டார். விலகியவர்களுக்குப் பணம் ஆண்டுக் கடைசியில் போனதால் கணக்கு எளிதாக இருக்கிறது. லட்சத்தில் தருகிறேன்:

```
                     பொறுப்பு    நிதி
2025 ஏப்ரல் 1          84.00     58.00
வட்டி / வருமானம் 7%     5.88      4.06
நடப்பு சேவைச் செலவு      6.40        -
கம்பெனி கட்டியது           -      6.00
விலகியவர்களுக்கு        -5.20     -5.20
ஆக்சுவரியல்             1.92      0.14
2026 மார்ச் 31         93.00     63.00
```

இதை டேலியில் எப்படிப் பதிவது? எங்கள் புத்தகத்தில் கட்டிய 6 லட்சம் மட்டும் செலவாக இருக்கிறது.

தணிக்கை மேசை

அழகாகப் பொருந்துகிறது. 93-இல் 63 போக, பேலன்ஸ் ஷீட்டில் நிற்க வேண்டியது 30 லட்சம். இரண்டையும் தனித்தனியாகச் சொத்தாகவும் கடனாகவும் காட்டக்கூடாது, நிகரத் தொகை மட்டும்.

இந்த வருடச் செலவு: சேவை 6.40, வட்டி 5.88, நிதியின் வருமானம் கழித்து 4.06, ஆக்சுவரியல் நிகர நட்டம் 1.78. மொத்தம் 10 லட்சம். நீங்கள் ஏற்கெனவே 6 எழுதிவிட்டீர்கள். எனவே கிராஜுட்டிச் செலவு பற்று 4, புரொவிஷன் வரவு 4. மீதி 26 லட்சம் போன மார்ச்சிலேயே இருந்த பற்றாக்குறை (84-இல் 58 போக). அதுவும் புரொவிஷனில் வரவு வைக்க வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து எல்.ஐ.சி.க்குக் கட்டுவதைச் செலவில் எழுதாதீர்கள், புரொவிஷனில் பற்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே செலவு இரண்டு முறை விழும்.

இன்னொன்றையும் பாருங்கள். எல்.ஐ.சி. நோட்டீஸில் நிதிக்கான தொகையோடு ஆயுள் காப்பீட்டுக்கும் ஒரு சிறு பிரீமியம் சேர்ந்திருக்கும். அந்தப் பகுதி நிதியில் சேராது, நேராகச் செலவு. நிதி அறிக்கையின் இருப்பும் உங்கள் கணக்கும் சிறிய தொகையில் இடித்தால் முதலில் அங்கே தேடுங்கள். அப்புறம், விலகிய ஆளுக்குக் கம்பெனியே பணம் கொடுத்துவிட்டு, எல்.ஐ.சி.யிடமிருந்து வந்ததை இதர வருமானத்தில் போட்டிருக்கிறார்களா என்றும் பழைய வருடங்களில் பாருங்கள். சிறிய கம்பெனிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நிகழ்கணக்கு

அந்த 26 லட்சத்தை லாபத்தில் இடிக்காமல் ரிசர்விலிருந்து நேராகக் கழிக்கலாமே சார்? ஏஎஸ் 15-இல் அப்படி ஒரு வழி இருக்கிறது.

தணிக்கை மேசை

அது ஏஎஸ் 15 திருத்தி வந்தபோது, முதன்முதலாகக் கடைப்பிடித்த வருடத்துக்குக் கொடுத்த வழி. இன்றைக்கு அதைப் பிடிக்க முடியாது. முன்பே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டதால் இது முந்தைய காலத்துப் பிழை, ஏஎஸ் 5-படி இந்த வருட லாப நட்டக் கணக்கில் தனி வரியாக வர வேண்டும் என்பது என் கருத்து. மேடத்தின் கம்பெனியில் 50 பேரை எந்த வருடம் தாண்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு எளிய முறை அனுமதி இருந்திருக்கும். ஆனால் எளிய முறையிலும் ஒன்றும் எழுதாமல் விட அனுமதி இல்லை. எவ்வளவு பிழை, எவ்வளவு மதிப்பீட்டு மாற்றம் என்பதை அவர்களுடைய ஆடிட்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 1961 வருமான வரிச் சட்டம் 40A(7)-படி புரொவிஷன் கழிவாகாது. அங்கீகாரம் பெற்ற டிரஸ்டுக்கு உண்மையில் கட்டிய தொகைதான் கழியும். எனவே 30 லட்சத்துக்கும் டெஃபர்டு டாக்ஸ் யோசிக்க வேண்டும்.

பெரம்பூர் வாசி

நாங்கள் பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் தரங்களில் கணக்கு எழுதுகிறோம். எங்களிடம் அந்த 1.78 லாபத்தில் வருவதே இல்லையே?

தணிக்கை மேசை

வராது. இண்ட் ஏஎஸ் 19-இல் அது இதர முழு வருமானத்துக்குப் போகும், பிறகு லாபத்துக்குத் திரும்பாது. இதே எண்களில் உங்களுக்கு லாபத்தில் விழுவது 8.22 லட்சம் மட்டும். ஏஎஸ் 15-இல் சம்பள உயர்வின் அதிர்ச்சி முழுவதும் அந்த வருட லாபத்திலேயே அடிக்கும். என்னைக் கேட்டால், முதலாளிகள் உடனே உணர்வதற்கு ஏஎஸ் 15 வழியே நல்லது.

நிகழ்கணக்கு

புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பை யாரும் பேசவில்லையே. 2025 நவம்பர் 21 முதல் ஊதியத்தின் இலக்கணம் மாறிவிட்டதே. சம்பள உயர்வு போலத்தானே அது, ஆக்சுவரியல் நட்டத்தில் சேர்த்துவிடலாம் அல்லவா?

வைகைக்கரை

கேட்டது நல்லது, மேடத்தின் அலுவலக ஊழியர்களுக்கு இது பொருந்தும். படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேர்ந்துவிடும். நம் ஆளுக்கு மொத்தச் சம்பளம் 70,000, அதில் பேசிக் 26,000 என்றால், கிராஜுட்டிக்கான ஊதியம் இனி 35,000. கடந்த 10 வருட சேவைக்கும் சேர்த்துப் பொறுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும்.

அதை ஆக்சுவரியல் நட்டம் என்று நான் எழுதமாட்டேன். சம்பளம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் அது அனுமானம் தவறியது. இங்கே சட்டம் பலனையே மாற்றியிருக்கிறது, எனவே கடந்த சேவைக்கான செலவு. இண்ட் ஏஎஸ் கம்பெனிகள் அதை உடனே லாபத்தில் எழுத வேண்டும். ஏஎஸ் 15-இல் 5 வருடம் தாண்டியவர்களின் பங்கை உடனே எழுதி, மற்றவர்களின் பங்கை அவர்கள் 5 தொடும் வரை பரப்பலாம்.

தணிக்கை மேசை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடம் கொடுத்த அட்டவணையில் கடந்த சேவைச் செலவு என்று ஒரு வரியே இல்லை. ஆக்சுவரிக்குக் கொடுத்த கோப்பில் பழைய பேசிக்கையே அனுப்பினீர்களா?

கோவை கணக்கர்

ஆமாம் சார், ஷாப்-ஃப்ளோரில் எல்லோருக்கும் பேசிக்கும் டி.ஏ.வும் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆபீஸிலும் டிசைனிலும் இருக்கும் 11 பேருக்குத்தான் பேசிக் குறைவு. அவர்களுக்கு மட்டும் புதிய ஊதியம் போட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு சந்தேகம்: ஊதியம் 35,000 ஆனால், ஐயா சொன்ன ஆளுக்கு 28 வருடத்தில் 20 லட்சம் உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறதே? அப்போது எப்படி?

வைகைக்கரை

சரியாகப் பிடித்தீர்கள். 35,000 வைத்தால் 58 வயதில் 22.59 லட்சம் வரும், சட்டப்படி கொடுக்க வேண்டியது 20 லட்சம். முதலில் உங்கள் டிரஸ்ட் பத்திரத்தைப் பாருங்கள். உச்சவரம்பு இல்லாமல் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தால் 20 லட்சத்தை மறந்துவிட்டு முழுத்தொகைக்கு மதிப்பிட வேண்டும்.

உச்சவரம்பு உண்டு என்றால் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். 20 லட்சத்தை 28 வருடத்துக்கும் சமமாகப் பிரித்து இதுவரையான 10 வருடத்துக்கு எடுத்தால் இன்றைய பொறுப்பு 2,11,300. வரம்பைத் தொடும் வரை ஒவ்வொரு வருடத்துக்கும் முழு 15 நாளையும் கொடுத்து, தொட்டபின் நிறுத்தினால் 2,38,700. இருபத்தைந்தாவது வருடத்துக்குப் பிறகு உழைக்கும் உழைப்பு அவருக்குக் கூடுதலாக எதையும் தருவதில்லை என்பதால் இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். எங்கள் அலுவலகத்திலேயே முதலாவதைப் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் வாதம் இருக்கிறது.

தணிக்கை மேசை

நான் முதலாவது பக்கம். வரம்பு பிற்காலத்தில் உயர்த்தப்படும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2010-இல் 3.5 லட்சத்திலிருந்து 10, 2018-இல் 20. நாளை மாறப்போகும் வரம்பை வைத்துக் கடைசி வருடங்களுக்குச் செலவே இல்லை என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

வைகைக்கரை

ஆனால் இன்னும் அறிவிக்காத உயர்வை மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளக் கூடாதே சார். இருக்கும் வரம்பில்தான் நிற்க வேண்டும்.

மேடம், இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டோம். உங்கள் ஆக்சுவரி எந்த முறையைப் பிடித்தார் என்று எழுத்தில் வாங்குங்கள். 64 பேரில் ஓய்வுக்கு முன் 20 லட்சத்தைத் தொடுபவர்கள் யார் யார் என்ற பட்டியலையும் கேளுங்கள். இரண்டு மூன்று பேர்தான் என்றால் எந்த முறையும் உங்கள் 93 லட்சத்தை அதிகம் அசைக்காது. அந்த 11 பேரும் அதில் இருந்தால், கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.